கத்திரி இரவில் குளிர வேண்டியது அறையா, உடம்பா?

மே மாத இரவு பத்து மணிக்கு மொட்டை மாடியில் நின்றால் காற்று தாங்கும்படியாகத்தான் இருக்கும். படியிறங்கி மாடிக்கு நேர் கீழே உள்ள படுக்கையறைக்கு வந்தால் மூச்சு முட்டும். மின்விசிறி முழு வேகத்தில் சுழன்றாலும் அனல்தான் இறங்கும். வெயில் போய் நான்கு மணி நேரம் ஆன பிறகும் அறை ஏன் இப்படிக் கொதிக்கிறது? ஏசி இல்லாமல் தூங்க வழி தேடுகிறவர் முதலில் விடை காண வேண்டிய கேள்வி இது.

விடை தலைக்கு மேலே இருக்கிறது. கான்கிரீட் தளம் வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும். மதியம் இரண்டு மணிக்கு அதன் மேற்பரப்பு கால் வைக்க முடியாதபடி சுடுகிறது. அந்தச் சூடு தளத்தையும், அதன் மேல் போட்ட சுருக்கியையும் தட்டோட்டையும் கடந்து அடிப்பக்கம் வந்து சேரச் சில மணி நேரம் ஆகும். அதனால் அறைக்குள் விட்டத்தின் அடிப்பரப்பு மிக அதிகமாகச் சுடுவது மதியத்தில் அல்ல, பொழுது சாய்ந்த பின்புதான். நாம் பாய் விரிக்கிற நேரத்தில் தளம் பகலில் சேர்த்த வெப்பத்தைக் கீழே இறக்கிக்கொண்டிருக்கிறது. வெறுங்கையை விட்டத்துக்கு ஒரு சாண் கீழே நீட்டிப் பாருங்கள். தொடாமலே உள்ளங்கையில் சூடு தெரியும். காற்றின் சூட்டோடு கூடுதலாக, கதிர்வீச்சாக நேரே உடம்பில் படுகிற வெப்பம் அது.

உடம்புக்கும் சொந்தமாக ஒரு வெப்பம் உண்டு. அமைதியாகப் படுத்திருக்கும் ஒரு பெரியவர் சுமார் 80 வாட் வெப்பத்தை ஓயாமல் வெளியேற்றுகிறார். அது வெளியே போகாவிட்டால் தூக்கம் வராது. தூங்குவதற்கு முன் உடலின் உள்வெப்பம் சற்றே இறங்க ஆரம்பிக்க வேண்டும். அதற்காக உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் உள்ள இரத்தக் குழாய்கள் விரிந்து, உள்ளே இருக்கும் சூட்டைத் தோலுக்குக் கொண்டுவருகின்றன. கையும் காலும் இப்படி வெதுவெதுப்பானவர்களுக்குத் தூக்கம் சீக்கிரம் வருகிறது என்று சுவிட்சர்லாந்தின் பாசல் நகர ஆய்வாளர்கள் 1999-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். புழுக்கமான இரவில் நாம் அறியாமலே போர்வையிலிருந்து காலை வெளியே நீட்டுவதும் இதனால்தான்.

தோலுக்கு வந்த சூடு அங்கிருந்து காற்றுக்குப் போக வேண்டும். தோலின் வெப்பம் 34 டிகிரி அளவில் இருக்கும். அறைக்காற்று 25 டிகிரியாக இருந்தால் சூடு தானாகவே போய்விடும். அறை 33 டிகிரி, விட்டம் 40 டிகிரி என்று இருந்தால் நிலைமை தலைகீழ். காற்று வாங்கிக்கொள்ளாது. விட்டமோ நமக்கே சூட்டைத் தரும். அப்போது மிஞ்சியிருக்கிற ஒரே வழி வேர்வை.

அந்த ஒரு வழி எவ்வளவு வலியது என்பதில்தான் வியப்பு. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகிப் போகும்போது சுமார் 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. ஒரு கிலோ பனிக்கட்டி உருகும்போது எடுப்பது 334 கிலோஜூல்தான். அதாவது ஏழு கிலோ பனிக்கட்டி உருகிச் செய்கிற வேலையை ஒரு லிட்டர் தண்ணீர் உலர்ந்தே செய்துவிடும். உடம்பின் 80 வாட்டை வெளியேற்ற மணிக்கு 120 மில்லி வேர்வை, ஒரு டம்ளருக்கும் குறைவு, உலர்ந்தால் போதும். ஆனால் உலர வேண்டும். வடிந்து பாயை நனைத்த வேர்வை எதையும் குளிர்விப்பதில்லை.

மேசை விசிறிக்கு முன்னால் ஐஸ் கிண்ணம் வைக்கிற வழக்கம் ஏன் அவ்வளவாகப் பலிப்பதில்லை என்பதும் இதிலேயே தெரிந்துவிடும். ஒரு கிலோ ஐஸ் உருகி அறைச் சூட்டுக்கு வரும்வரை மொத்தம் 460 கிலோஜூல் எடுக்கும். ஒரு மணி நேரத்தில் உருகினால் அது ஏறத்தாழ 130 வாட். அந்த அறையில் படுத்திருக்கும் ஒருவரின் உடல் வெப்பமும் விசிறி மோட்டாரின் சூடும் சேர்ந்து அதைச் சரிக்கட்டிவிடும். அந்த ஐஸை உறைய வைத்த ஃபிரிட்ஜோ, எடுத்த சூட்டைவிட அதிகமான சூட்டைத் தன் முதுகு வழியாக வீட்டுக்குள்ளேயே விட்டிருக்கும்.

ஆகவே வேர்வையோ தண்ணீரோ, ஈரம் உலர்வதுதான் காரியம். அது எவ்வளவு வேகமாக உலரும் என்பது காற்றில் ஏற்கெனவே எவ்வளவு ஈரம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. இதை அளக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். சுவரில் மாட்டும் சாதாரண வெப்பமானி இரண்டு வாங்குங்கள் (காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி இதற்கு ஆகாது). ஒன்றின் குமிழைச் சுற்றி மெல்லிய பருத்தித் துணியைக் கட்டி நனையுங்கள். இரண்டையும் விசிறிக் காற்றில் பத்து நிமிடம் வைத்துவிட்டு அளவைப் பாருங்கள். ஈரத்துணி கட்டியது குறைவாகக் காட்டும். இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் அந்த இரவில் தண்ணீரால் காற்றை எவ்வளவு குளிர்விக்க முடியும் என்பதன் உச்சவரம்பு.

கோடை மழை இன்னும் எட்டிப் பார்க்காத வேலூர் இரவு ஒன்றை எடுத்துக்கொள்வோம். உலர்ந்த வெப்பமானி 33, ஈரமானது 23 என்று காட்டினால் இடைவெளி 10 டிகிரி. அதே இரவில் சென்னைக் கடற்கரைப் பக்கம் உலர்ந்தது 31, ஈரமானது 28 என்று காட்டலாம். இடைவெளி 3 மட்டுமே. எண்ணில் சென்னை இரண்டு டிகிரி குறைவு. ஆனால் ஈரத்துணி சொல்வதை வைத்துப் பார்த்தால் தூங்குவதற்குக் கடினமான இரவு சென்னையினுடையதுதான்.

வெப்பமானி இல்லாதவர்கள் வீட்டு மண்பானையைக் கேட்கலாம். பானையின் வெளிப்புறம் கசியும் ஈரம் உலர்வதால்தான் உள்ளிருக்கும் தண்ணீர் குளிர்கிறது. தண்ணீர் ஜில்லென்று இருக்கும் நாளில் ஈரத்துணி வைத்தியங்கள் பலிக்கும். பானைத் தண்ணீரே சப்பென்று இருந்தால் பலிக்காது.

இனி அந்த மேல்மாடி அறையையே எடுத்துக்கொண்டு மாலையிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்ப்போம். அறை பத்துக்குப் பன்னிரண்டு அடி. தலைக்கு மேல் 11 சதுர மீட்டர் தளம், கனம் 12 சென்டிமீட்டர். எடை மூன்று டன்னுக்கு மேல். இதை ஒரு டிகிரி குளிர்விக்க ஏறத்தாழ 2,800 கிலோஜூல் எடுக்க வேண்டும். மேலே சொன்ன கணக்கின்படி, சற்றேறக்குறைய ஒன்றேகால் லிட்டர் தண்ணீர் உலர்ந்தால் ஒரு டிகிரி. ஒரு வாளி, அதாவது 15 லிட்டர், முழுவதும் தளத்தின் சூட்டிலேயே உலர்ந்தால் 12 டிகிரி வரை இறங்க இடமுண்டு. நடைமுறையில் காற்றிலிருந்தும் சூடு சேர்வதால் அதில் ஒரு பங்குதான் கிடைக்கும். அதுவே தலைக்கு மேலுள்ள கொதிப்பைத் தணிக்கப் போதும்.

இதில் பலர் தவறுவது இரண்டு இடங்களில். ஒன்று, தண்ணீரை மொத்தமாகக் கொட்டுவது. கொட்டிய தண்ணீரில் பெரும்பகுதி மழைநீர்க் குழாய் வழியே ஓடிவிடும். ஓடிய தண்ணீர் எடுக்கும் சூடு சொற்பம், உலர்ந்த தண்ணீர் எடுப்பதுதான் மிகுதி. தரை நனையும் அளவு தெளித்து, காய்ந்ததும் மறுபடி தெளிக்க வேண்டும். பழைய சணல் சாக்குகளை விரித்து அவற்றை நனைத்துவிட்டால் அடிக்கடி மாடியேற வேண்டியதில்லை. துணி அலசிய தண்ணீரே இதற்குப் போதும். இரண்டாவது தவறு நேரம். படுக்கப் போகும்போது தெளித்தால் மேற்பரப்புதான் குளிரும். அடிப்பரப்பில் உள்ள சூடு மேலேறி வர நேரம் பிடிக்கும். வெயில் சாய்ந்த ஐந்தரை மணிக்கே ஆரம்பித்தால் ஒன்பது, பத்து மணிக்குக் கீழே வித்தியாசம் தெரியும். தளத்தில் விரிசலோ கசிவோ இருந்தால் இந்த வேலை வேண்டாம். அப்படிப்பட்ட வீடுகளுக்குச் சுண்ணாம்பு அடிப்பதே வழி. வெள்ளைப் பரப்பு வெயிலைத் திருப்பி அனுப்பிவிடுவதால் சூடு உள்ளே ஏறுவதே குறைகிறது. வெப்ப அலைக்கென்று 2013-இல் செயல்திட்டம் வகுத்த அகமதாபாத் நகரமும், 2023-இல் குளிர்கூரைக் கொள்கை அறிவித்த தெலங்கானாவும் இந்த எளிய உத்தியைத்தான் கையில் எடுத்தன.

காற்றில் ஈரம் மிகுந்த சென்னையிலும் தளத்துக்குத் தண்ணீர் தெளிப்பது பலிக்கும் என்பது கவனிக்க வேண்டியது. 45 டிகிரியில் இருக்கும் தளத்தின் மேல் உள்ள தண்ணீரை உலர்த்துவது காற்றின் வறட்சி மட்டுமல்ல, தளத்தின் சூடும்தான். சூடான பரப்பிலிருந்து கிளம்பும் ஆவியின் உந்துதல், காற்றில் ஏற்கெனவே உள்ள ஈரத்தைவிட மிகவும் பெரியது. ஆனால் அறைச் சூட்டிலேயே இருக்கும் ஈரத் திரைச்சீலைக்கு அந்த உந்துதல் கிடையாது.

அடுத்தது காற்று. வெளியே உள்ளதைவிட அறை குளிராக இருக்கும்வரை சன்னலைச் சாத்தித் திரை போட்டு வைப்பதும், வெளியே குளிர்ந்ததும் திறப்பதும்தான் விதி. எப்போது திறப்பது என்பதை உலர்ந்த வெப்பமானியே சொல்லும். உள்ளே ஒருமுறை, சன்னலுக்கு வெளியே நிழலில் ஒருமுறை பார்த்தால் போதும். மேல்மாடி அறைகளில் பெரும்பாலும் இருட்டியதும் வெளிக்காற்று முந்திக்கொள்ளும். அப்போது ஒரு சன்னலை மட்டும் திறப்பதால் பயன் குறைவு. காற்று நுழைய ஒரு வழியும் வெளியேற வேறொரு வழியும் வேண்டும். எதிர்ச்சுவரில் சன்னல் இல்லாவிட்டால் அறைக் கதவையும் மாடிப்படி உச்சியில் உள்ள கதவையும் திறந்து வைக்கலாம். சூடான காற்று படிக்கட்டு வழியே தானாக மேலேறிப் போகும்.

காற்றே அசையாத இரவில் மேசை விசிறியைச் சன்னலுக்கு இரண்டு மூன்று அடி தள்ளி, வெளிப்புறம் பார்த்தபடி வைத்து ஓடவிடுங்கள். விசிறியின் காற்று சுற்றியுள்ள காற்றையும் சேர்த்து வெளியே இழுத்துச் செல்லும். மறுபக்கத்துச் சன்னல் வழியே குளிர்ந்த காற்று உள்ளே வரும். அந்தச் சன்னலருகே ஒரு மெல்லிய துணியைப் பிடித்தால் அது உள்நோக்கிப் பறக்க வேண்டும். பறக்கவில்லையென்றால் காற்று வேறெங்கோ குறுக்கு வழி கண்டுபிடித்திருக்கிறது. படுக்கும்போது விசிறியைத் திருப்பி உடம்பின் மேல் படும்படி வைத்துக்கொள்ளலாம். விட்டம் தணியும்வரை மேலே சுழலும் விசிறியைவிட இந்தப் பக்கவாட்டு விசிறி மேல். மேலே உள்ளது விட்டத்தை ஒட்டித் தேங்கிய சூட்டைத்தான் முதலில் கீழே தள்ளும்.

கடலோரத்தில் காற்றின் திசையும் இரவில் மாறும். சென்னையில் பகலில் கடலிலிருந்து வீசும் காற்று, இரவு முதிர முதிர அடங்கி, நிலத்திலிருந்து, அதாவது மேற்கிலிருந்து வரும். மாலையில் கிழக்குச் சன்னலைத் திறந்து வைத்தவர்கள் நள்ளிரவுக்குப் பின் மேற்குச் சன்னலையும் திறந்தால்தான் அறைக்குள் காற்று நடமாடும்.

இப்போது படுக்கை. படுத்ததும் முதுகு முழுவதும் காற்று படாமல் மூடிக்கொள்கிறது. நுரை மெத்தை உடம்பின் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும், வேர்வையும் அங்கே உலராது. இதற்கு நம்மிடம் உள்ள நல்ல மாற்று கயிற்றுக் கட்டில். கயிறுகளுக்கு இடையே காற்று போய்வருவதால் முதுகும் உலர்கிறது. அதன்மேல் கனமான மெத்தையைப் போட்டால் அந்த நன்மை போய்விடும். ஒற்றைப் பருத்தி வேட்டியோ கோரைப்பாயோ போதும். விசிறியைக் கட்டிலின் உயரத்துக்குத் தாழ்த்தி வைத்தால் காற்று அடியிலும் ஓடும். கட்டில் இல்லாதவர்கள் மெத்தைக்கு மேல் கோரைப்பாயை விரிக்கலாம். கோரையின் வரிகளுக்கிடையே உள்ள மெல்லிய இடைவெளி ஈரத்தை வெளியே விடும். தரையில் படுப்பது தரைத்தளத்து வீட்டில் மிக நல்லது, ஏனென்றால் கீழே குளிர்ந்த மண் இருக்கிறது. மேல்மாடியிலும் விட்டத்தைவிடத் தரை குளிராகவே இருக்கும். சூடு அறையின் மேற்பகுதியில் தேங்குவதால் உயரமான கட்டிலைவிடத் தாழ்ந்த இடமே நல்லது. கொசுவலை காற்றைப் பெருமளவு தடுக்கும் என்பதால், வலை கட்டுகிறவர்கள் விசிறியை வலையை ஒட்டி நெருக்கமாக வைக்க வேண்டும்.

மொட்டை மாடியில் படுப்பவர்களுக்கு இன்னொரு லாபம் உண்டு. மேகமில்லாத வறண்ட வானம் காற்றைவிடக் குளிர்ந்தது. உடம்பின் வெப்பம் கதிர்வீச்சாக அதை நோக்கிப் போய்க்கொண்டே இருக்கும். கீழே விட்டம் நமக்குச் சூடு தந்ததற்கு நேர் எதிரான நிலை இது. ஆனால் தளம் நள்ளிரவு வரை சூடாக இருப்பதால் அதன்மேல் பாய் விரிப்பதைவிடக் கட்டில் போடுவதே சரி. மேகம் மூடினாலோ காற்றில் ஈரம் மிகுந்தாலோ வானத்தின் உதவி குறைந்துவிடும்.

கடைசியாகத் தண்ணீர். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு குளிப்பது நல்லது. ஐஸ் தண்ணீர் வேண்டாம். மிகக் குளிர்ந்த தண்ணீர் பட்டதும் தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்கி, உள்ளே உள்ள சூட்டை உள்ளேயே அடைத்துவிடும். குளித்து முடித்த சற்று நேரத்திலேயே வேர்த்துக் கொட்டுவது அதனால்தான். கோடையில் மாடித் தொட்டித் தண்ணீர் வெதுவெதுப்பாக வருகிறதே என்று வருந்த வேண்டாம், இதற்கு அதுவே பொருத்தம். குளித்ததும் உடம்பை அழுத்தித் துவட்டாமல் விசிறிக்கு முன் உட்கார்ந்தால் உடம்பின் வேர்வைக்குப் பதில் குழாய்த் தண்ணீர் உலர்ந்து குளிர்விக்கும்.

இதற்கு மேல் வேலூரும் சென்னையும் பிரிகின்றன. வேலூரில் காற்று நுழையும் சன்னலில் ஈரத் துண்டையோ வெட்டிவேர்த் தட்டியையோ தொங்கவிடலாம். 10 டிகிரி இடைவெளியில் பாதி கிடைத்தாலும் உள்ளே வரும் காற்று 28 டிகிரிக்கு இறங்கிவிடும். ஆனால் எதிர்ச்சன்னல் திறந்திருக்க வேண்டும். சாத்திய அறையில் ஈரத்துணி தொங்கவிட்டால் முதல் அரை மணி நேரம் சுகமாக இருக்கும், பிறகு புழுக்கம் ஏறும். வேலூர் அறையைச் சென்னை அறையாக மாற்றிவிடுகிறோம் என்பதுதான் பொருள். சன்னல் கண்ணாடியில் ஈரம் படர்ந்தாலோ, நனைத்த துண்டு நெடுநேரம் காயாமல் இருந்தாலோ அதை எடுத்துவிட வேண்டும்.

சென்னையில் காற்றைக் குளிர்விக்கும் முயற்சி வீண். 3 டிகிரி இடைவெளியில் பாதி கிடைத்தால் ஒன்றரை டிகிரி. அதற்கு விலையாக அறையின் ஈரம் கூடிவிடும். அங்கே காற்றை விட்டுவிட்டுத் தோலைக் கவனிக்க வேண்டும். தோல் 34 டிகிரியில் இருப்பதால், 28 டிகிரி ஈரத்துணியைவிட அதன்மேல் உள்ள தண்ணீர் வேகமாக உலரும். ஆகவே கை, கால், கழுத்தில் ஈரக் கையைத் தடவி, அதன்மேல் நேராக விசிறிக் காற்று படும்படி படுத்தால் போதும். முன்கையிலும் முழங்காலுக்குக் கீழும் நன்றாகப் பிழிந்த மெல்லிய துண்டைப் போட்டுக்கொள்ளலாம். உடம்புக்கு அடியில் ஈரத்துணியை விரிப்பது பயனற்றது, காற்று படாததால் அது உலராது.

விசிறிக்கும் ஓர் எல்லை உண்டு. காற்று தோலைவிடச் சூடாக இருந்தால் விசிறி சூட்டையே வாரி வீசும். 40 டிகிரிக்குக் குறைவாக இருக்கும்போது மட்டும் விசிறியைப் பயன்படுத்தச் சொல்கிறது உலகச் சுகாதார நிறுவனம். வேர்வை குறைவாகச் சுரக்கும் முதியவர்களுக்கு அதற்கு முன்பே உபத்திரவம் தொடங்கலாம். நம் ஊர் இரவுகள் பெரும்பாலும் அந்த அளவை எட்டுவதில்லை. எட்டுகிற பிற்பகல்களில் தோலில் ஈரம் இல்லாமல் விசிறிக்கு முன் உட்காரக் கூடாது. முதியவர்களுக்கு இரவிலும் தண்ணீர் தடவுவது மற்றவர்களைவிடக் கூடுதலாக உதவும். ஓர் இரவில் ஒரு லிட்டர் அளவுக்கு வேர்வை போவதால் மாலையிலிருந்தே தண்ணீரும் மோரும் சிறுகச் சிறுகக் குடிக்க வேண்டும். நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்களும் இதய, சிறுநீரக நோயாளிகளும் எவ்வளவு குடிப்பது என்று மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது. படுத்திருப்பவரின் உடம்பு நெருப்பாகச் சுட்டு, பேச்சு குழறினாலோ, கூப்பிட்டால் தெளிவாகப் பதில் வராவிட்டாலோ அது தூக்கக் கலக்கம் அல்ல, வெப்பத் தாக்கு. 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை உடம்பு முழுதும் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஒரே வீட்டிலும் ஒரே வழி எல்லா நாளும் பலிக்காது. கோடை மழை ஒன்று பெய்துவிட்டால் வேலூரிலும் காற்றில் ஈரம் ஏறி, முதல் நாள் பலித்த வெட்டிவேர்த் தட்டி மறுநாள் புழுக்கத்தைக் கூட்டும். அதனால் படுக்கும் முன் இரண்டு வெப்பமானிகளையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. இடைவெளி ஏழு, எட்டு டிகிரிக்கு மேல் இருந்தால் சன்னலில் ஈரம் கட்டுங்கள். நான்குக்குக் கீழே இருந்தால் சன்னலை வறண்டபடி விட்டுவிட்டு, தண்ணீரையும் விசிறியையும் உடம்புக்குக் கொடுங்கள். நடுவில் இருந்தால் ஈரத் துண்டு காய்கிறதா என்று அரை மணி நேரம் கவனித்து முடிவு செய்யுங்கள். விரிசலோ கசிவோ இல்லாத தளத்தில் தண்ணீர் தெளிப்பதை மட்டும் இடைவெளி எதுவானாலும் விட வேண்டாம், அது எந்த ஊரிலும் பலிக்கும்.